ஹால் டிக்கெட் கொடுக்கிற நாளில் என்ன பேசுவது?

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஹால் டிக்கெட் கொடுக்கும்போது நான் முகத்தைவிடக் கையைத்தான் அதிகம் பார்ப்பேன். சிலர் வாங்கியதும் போட்டோவைப் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டிச் சிரிப்பார்கள். சிலர் பதிவெண்ணை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார்கள். சில வருடங்களுக்கு முன் இரண்டாம் பெஞ்சிலிருந்து எழுந்து வந்த ஒரு மாணவி, தாளை வாங்குவதற்கு முன் இரண்டு உள்ளங்கைகளையும் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். வாங்கிய பிறகும் துடைத்தாள். கட்டைவிரல் பட்ட இடத்தில் தாள் ஈரமாகி நெளிந்திருந்தது. திருப்புதல் தேர்வுகளில் கணக்கில் தொண்ணூறுக்குக் கீழே இறங்காத பிள்ளை அவள்.

அன்றைக்கு நான் வகுப்பில் பேசியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "உங்க வாழ்க்கையைத் தீர்மானிக்கப்போறது இந்த மூணு மணி நேரம்தான். உங்க அப்பா அம்மா பட்ட கஷ்டத்தை நினைச்சுப் பாத்துட்டு எழுதுங்க. நம்ம பள்ளிக்கூடத்துப் பேரு உங்க கையிலதான் இருக்கு." அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "உன்கிட்ட சென்டம் எதிர்பாக்கிறேன்" என்றும் சொன்னேன். மனதார, அன்போடுதான் சொன்னேன்.

கணக்கில் அவளுக்கு 71 வந்தது. ரிசல்ட் வந்த பிறகு சான்றிதழ் வாங்க வந்தவளிடம் என்ன ஆச்சு என்று கேட்டேன். "கொஸ்டின் பேப்பர் கைக்கு வந்ததும் நீங்க சொன்னதுதான் டீச்சர் காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சு. தெரிஞ்ச கணக்குலகூட பிளஸ், மைனஸ் மாறிப்போச்சு" என்றாள். என் மேல் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அதன் பிறகுதான் தேர்வுக்கு முந்தைய நாள் பேச்சையும் ஒரு பாடத்தைப் போலத் தயாரிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

பிளஸ், மைனஸ் ஏன் மாறுகிறது? x² − 5x − 14 = 0 என்ற சமன்பாட்டைக் காரணிப்படுத்தச் சொன்னால், பெருக்கினால் −14 வர வேண்டும், கூட்டினால் −5 வர வேண்டும் என்ற இரண்டையும் பிள்ளை மனதில் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்துக்கொண்டே 7, 2 என்ற எண்களை எடுத்து, எதற்கு மைனஸ் போடுவது என்று மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். −7, +2 என்று கண்டுபிடித்த பிறகு, விடை எழுதும்போது குறிகள் மாறி 7, −2 ஆகும் என்பதையும் மறக்கக் கூடாது. இப்படி ஒரே நேரத்தில் சில விஷயங்களைக் கையில் ஏந்தி வைத்துக்கொண்டே வேலை செய்யும் ஆற்றலை உளவியலில் செயல்படு நினைவு என்கிறார்கள். அது சின்ன மேசை மாதிரி. நாலைந்து பொருளுக்குமேல் அதில் இடம் கிடையாது. 'அப்பா என்ன சொல்வாரோ', 'டீச்சர் சென்டம் கேட்டாங்களே' என்ற நினைப்புகளும் அதே மேசையில்தான் வந்து உட்காரும். இடம் போதாமல் முதலில் கீழே விழுவது அந்த மைனஸ் குறிதான்.

இதில் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. அமெரிக்க உளவியலாளர் சியான் பைலாக்கும் தாமஸ் காரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கடினமான கணக்குகளைக் கொடுத்து, கூடவே எதிர்பார்ப்பையும் ஏற்றியபோது அதிகம் சறுக்கியவர்கள் செயல்படு நினைவு அதிகம் உள்ளவர்கள்தான். சாதாரண நேரத்தில் அந்த ஆற்றலை வைத்துத்தான் அவர்கள் மற்றவர்களை முந்துகிறார்கள். பதற்றம் பிடுங்கிக்கொள்வதும் அதையேதான். நன்றாகப் படிக்கிற பிள்ளைதானே, கொஞ்சம் அழுத்திச் சொன்னால் இன்னும் பத்து மார்க் வரும் என்று நாம் போடும் கணக்கு அங்கேதான் தவறுகிறது. அந்த மாணவியிடம் நான் செய்ததும் இதுதான்.

இங்கிலாந்திலும் பதினாறு வயதில் ஒரு பொதுத்தேர்வு உண்டு. ஜி.சி.எஸ்.இ. என்பார்கள். அந்தத் தேர்வுக்குமுன் ஆசிரியர்கள் வகுப்பில் என்ன பேசுகிறார்கள், அது பிள்ளைகளை என்ன செய்கிறது என்பதை டேவிட் பட்வைன் என்ற உளவியலாளர் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறார். "இதில் தவறினால் நல்ல வேலை கிடைக்காது, கல்லூரி கிடைக்காது" என்பதுபோன்ற பேச்சுகளை அவர் தனியாக எடுத்துப் பார்த்தார். அவற்றைப் பிள்ளைகள் மிரட்டலாக எடுத்துக்கொள்ளும்போது பதற்றம் கூடுகிறது என்பது அவருடைய ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்தது. ஆசிரியர் மிரட்ட நினைத்தாரா என்பதைவிடப் பிள்ளையின் காதில் அது எப்படி விழுந்தது என்பதுதான் முக்கியம். ஒரே வாக்கியத்தை நாற்பது பேரிடம் சொன்னால் இருபது பேர் அதைத் தட்டிவிட்டுப் போவார்கள். ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருப்பவர்கள் ஒரு சொல் விடாமல் அள்ளிக்கொள்வார்கள்.

சரி, மிரட்ட வேண்டாம். "பயப்படாதீங்க, டென்ஷன் ஆகாதீங்க" என்று சொன்னால் போதுமா? நானும் சில வருடங்கள் அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல முகங்கள் இன்னும் இறுகின. நெஞ்சு படபடவென்று அடிக்கும் பிள்ளையிடம் பயப்படாதே என்றால், 'பயப்படக் கூடாதாம், எனக்குப் பயமாக இருக்கிறதே, அப்படியானால் எனக்குத்தான் ஏதோ கோளாறு' என்று அது நினைக்கிறது. பயத்தோடு பயப்படுகிறோமே என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது.

இதற்கு மாற்று வழி ஒன்றை ஜெரமி ஜேமிசன் என்பவரும் அவருடைய குழுவினரும் 2010-இல் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் மேற்படிப்புக்கு எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த மாணவர்களை வைத்து ஒரு பயிற்சித் தேர்வு நடத்தினார்கள். ஒரு பகுதியினரிடம் மட்டும், "தேர்வு நேரத்தில் பதற்றம் வந்தால் சரியாக எழுத முடியாது என்று நினைக்கிறோம். ஆனால் அந்தப் படபடப்பு தேர்வைக் கெடுப்பதில்லை, உதவவும் செய்யலாம். அதனால் அப்படித் தோன்றினால் கவலைப்பட வேண்டாம்" என்ற கருத்தில் சில வரிகள் சொன்னார்கள். கணிதப் பகுதியில் அவர்கள் மற்றவர்களைவிட நன்றாக எழுதினார்கள். பிறகு உண்மையான தேர்விலும் அவர்களுக்குக் கணிதத்தில் கூடுதல் மதிப்பெண் வந்தது. படபடப்பைத் துரத்தச் சொல்லவில்லை. அதற்கு வேறு பொருள் சொல்லிக்கொடுத்தார்கள்.

பதற்றம் நீங்கப் பத்து நிமிடம் மனதில் உள்ளதை எழுதிவிட்டுத் தேர்வுக்குப் போகலாம் என்று இன்னொரு வழியும் புகழ் பெற்றது. பைலாக்கும் ஜெரார்டோ ராமிரெஸும் 2011-இல் அதைச் சொன்னார்கள். பிற்பாடு வேறொரு குழு அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எழுதினால் சில பிள்ளைகளுக்கு மனசு லேசாகிறது என்பதை நானும் பார்த்திருக்கிறேன். விரும்புகிறவர்கள் வீட்டில் எழுதட்டும் என்று விட்டுவிடுகிறேன். வகுப்புக்கே பொதுவான பரிகாரமாக அதை வைப்பதில்லை.

இப்போது நான் எப்படிப் பேசுகிறேன் என்று சொல்கிறேன். கணக்குத் தேர்வுக்கு முந்தி பிள்ளைகள் கடைசியாக என் வகுப்பில் இருக்கும் நாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பத்து நிமிடம். அதற்குமேல் பேசினால் பேசுகிற எனக்குத்தான் திருப்தி. மேசைக்குப் பின்னால் நிற்காமல் முதல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொள்வேன். ஆசிரியரே பதறினால் பிள்ளைகள் அதைக் குரலிலேயே பிடித்துவிடும் என்பதால், வரும் வழியில் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன்.

முதலில் கையைப் பற்றிப் பேசுவேன். "நாளைக்கு ஹால்ல உட்கார்ந்ததும் சில பேருக்கு உள்ளங்கை வேர்க்கும். வயித்துல ஒரு மாதிரி இருக்கும். நெஞ்சு வேகமா அடிக்கும். பந்தயம் ஓடுறதுக்கு முன்னாடி கோட்டுல நிக்கும்போதும் இப்படித்தானே அடிக்கும்? உடம்பு வேலைக்குத் தயாராகுதுன்னு அர்த்தம். அது பாட்டுக்கு அடிக்கட்டும், நீங்க பாட்டுக்கு எழுதுங்க." இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு சின்ன சலசலப்பு வரும். தனக்கு மட்டும்தான் அப்படி என்று நினைத்திருந்தவர்கள் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். வேர்க்கிற பிள்ளைகள் ஒரு கைக்குட்டை கொண்டுபோகலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுவேன்.

பிறகு ஒரு மூச்சு. கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து நாடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். நாலு எண்ணும்வரை மூச்சை இழுக்க வேண்டும், ஆறு எண்ணும்வரை மெதுவாக விட வேண்டும். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுத் தளரும். விரலில் அது தெரியும். "ஆமா டீச்சர், மெதுவாகுது" என்று யாராவது கத்துவார்கள். ஐந்து முறை செய்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது. இது தியான வகுப்பு கிடையாது. ஹாலில் யாருக்கும் தெரியாமல் பெஞ்சில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய ஒரு காரியம் கையில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்தால் போதும்.

அடுத்துக் கரும்பலகையில் மூன்று நேரங்களை எழுதுவேன். 10.00, 10.10, 10.15. தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் பத்து மணிக்கு வினாத்தாள் கைக்கு வரும். முதல் பத்து நிமிடம் படிப்பதற்கு மட்டும். அடுத்த ஐந்து நிமிடத்தில் விடைத்தாளின் முகப்புத் தாளில் இருக்கும் விவரங்களைச் சரிபார்க்க வேண்டும். 10.15-க்குத்தான் எழுதவே ஆரம்பிக்க வேண்டும். முடிவது 1.15. பதற்றம் உச்சத்தில் இருப்பது அந்த முதல் கால் மணி நேரம்தான் என்பதால் என் பேச்சில் பெரும்பகுதியை அதற்கே கொடுக்கிறேன். நேரம் இருந்தும் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று தோன்றும்போதுதான் மனசு ரிசல்ட் நாளுக்கு ஓடுகிறது. கைக்கும் கண்ணுக்கும் வரிசையாக வேலை இருந்தால் அவ்வளவு தூரம் ஓடாது.

"பேப்பரை வாங்கினதும் பின்பக்கத்தைத் திருப்புங்க. 43, 44 எங்க இருக்குன்னு பாருங்க. ஒண்ணு வடிவியல், ஒண்ணு வரைபடம். ரெண்டுலயும் ஒரு சாய்ஸ் உண்டு. எதைப் போடப்போறோம்னு மனசுல ஒரு டிக் அடிங்க. அப்புறம் 28-ஐயும் 42-ஐயும் பாருங்க. அது ரெண்டும் கட்டாய வினா. அதுக்கப்புறம் ஒன் மார்க்குக்கு வாங்க. 10.10-க்கு முகப்புத் தாள்ல உங்க போட்டோ, பேரு, பதிவெண், பாடம் சரியா இருக்கான்னு பாத்துக் கையெழுத்துப் போடுங்க. ஏதாவது மாறியிருந்தா பயந்து உட்காராதீங்க, கையைத் தூக்குங்க. ஹால்ல இருக்கிற சாரோ டீச்சரோ பாத்துக்குவாங்க."

இங்கே ஒரு பிள்ளையாவது கேட்கும் கேள்வி: "எல்லாம் மறந்துபோச்சுன்னா டீச்சர்?" அந்தக் கேள்வி வர வேண்டும் என்றே காத்திருப்பேன். வராவிட்டால் நானே கேட்டுக்கொள்வேன். "மறந்த மாதிரி தெரிஞ்சா அந்தக் கணக்கோட நம்பரை எழுதி இடம் விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடுங்க. தெரிஞ்ச ரெண்டு கணக்கைப் போட்டதும் திரும்பி வந்து பாருங்க. வரலைன்னா தெரிஞ்ச சூத்திரத்தையும் முதல் படியையும் எழுதுங்க. திருத்துறவங்க படிக்குப் படி மார்க் போடுவாங்க, கடைசி விடைக்கு மட்டும் இல்ல." எல்லாம் வெறுமையாகிப்போன அந்த நிமிடத்தில் 'என்ன செய்வேன்' என்று தேட வைக்காமல், முன்பே சொல்லிவைத்த ஒரு செயல் தயாராக இருக்க வேண்டும். 'நம்பரை எழுது, இடம் விடு, நகரு.' இந்த மூன்றையும் திருப்புதல் தேர்விலேயே செய்ய வைத்துப் பழக்கியிருக்கிறேன். பேச்சு அதை ஞாபகப்படுத்துகிறது. பழகாத ஒன்றைக் கடைசி நாளில் புதிதாகச் சொன்னால் அதுவே இன்னொரு சுமையாகிவிடும்.

தேற மாட்டோம் என்ற பயத்தில் இருப்பவர்களுக்கு ஆறுதல் வார்த்தையைவிட ஒரு கூட்டல் கணக்கு உதவுகிறது. பலகையில் ஓரமாக எழுதுவேன். வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. மொத்தம் 16. பதினாலு ஒன் மார்க்கில் 9 சரியானால் 25. இரண்டு மதிப்பெண் கேள்விகளில் பத்து எழுத வேண்டும், அதில் ஐந்து சரியானால் 10. கூட்டினால் 35. ஐந்து மதிப்பெண் பகுதியைத் தொடவே இல்லை. 'கணக்கே வராது' என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்து கேட்டுக்கேட்டுப் பழகிய ஒரு பையன் இந்தக் கூட்டலை உள்ளங்கையில் எழுதிக்கொண்டதைப் பார்த்தேன். பரீட்சைக்குப் போகும்முன் அழித்துவிட வேண்டும் என்று சொல்லி, நோட்டில் எழுதிக்கொள்ள வைத்தேன். இந்தக் கூட்டலை யார் பெயரையும் சொல்லாமல், யாரையும் பார்க்காமல் போட வேண்டும். "இது கடைசி பெஞ்சுக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் அத்தனையும் வீண்.

எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் ஒரு பயம் அடியில் கிடக்கும். ஃபெயிலானால்? அதைப் பேசாமல் விட்டால் அது பெரிதாகிக்கொண்டே போகும். அதனால் ஒரு முறை, சாதாரணக் குரலில், தேதி சொல்வதுபோலச் சொல்லிவிடுவேன். "யாருக்காவது ஒரு பாடம் போச்சுன்னா அதே வருஷம் கோடையிலேயே துணைத் தேர்வு இருக்கு. எழுதித் தேறினா இதே வருஷம் பதினொன்ணுல சேரலாம். ஒரு வருஷம் வீணாகாது. விண்ணப்பம் போடுறதுக்கு நானே கூட வருவேன்." நன்றாகப் படிக்கிறவர்கள் இதைக் கேட்டு மெத்தனமாகிவிடுவார்கள் என்று சக ஆசிரியர் ஒருவர் என்னிடம் வாதாடினார். பேசுவது முதல் தேர்வுக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் என்றால் அவர் சொல்வதை நான் ஒத்துக்கொள்வேன். இன்னும் ஒரு இரவு மட்டுமே இருக்கும்போது மெத்தனத்துக்கு நேரமே கிடையாது. பயத்துக்குத்தான் நிறைய நேரம் இருக்கிறது.

முதல் மூன்று பேரிடம் இப்போது தனியாக எதுவும் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. ஆனாலும் வகுப்புக்குள் அந்தப் பட்டியல் நம் வாயில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. யார் யாருக்குப் பேனா, யார் யாருக்குக் கோணமானி இல்லை என்று பார்த்துக் கொடுக்கும்போது அவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே கொடுக்கிறேன். நம்பிக்கை இருக்கிறது என்பதை எண்ணாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இந்தப் பத்து நிமிடத்துக்கு எல்லை உண்டு. படிக்காத பாடத்தை அது படிக்க வைக்காது. சில பிள்ளைகளுக்கு வந்திருப்பது தேர்வுக்கு முந்தைய நாளின் சாதாரணப் படபடப்பாக இருக்காது. பல நாளாகத் தூங்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, நண்பர்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள், 'நான் இருந்து என்ன ஆகப்போகுது' என்ற மாதிரி ஒரு வாக்கியம் வாயில் வந்தது என்றால், வகுப்புக்கு முன் பேசும் பேச்சை அங்கே நிறுத்திவிட்டு அந்தப் பிள்ளையோடு தனியாக உட்கார வேண்டும். அன்றைக்கே வீட்டுக்குச் சொல்ல வேண்டும், தனியாக விடக் கூடாது. மனநல உதவிக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணும் 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் இருக்கின்றன. இரண்டையும் பலகையின் மூலையில் ஜனவரியிலிருந்தே எழுதிவைத்திருக்கிறேன். கடைசி நாளில் புதிதாக எழுதினால் யாருக்காக எழுதினார்கள் என்று வகுப்பு தேட ஆரம்பிக்கும்.

தேர்வு நடக்கும் நாளில் பெரும்பாலும் நாங்கள் அவர்களோடு இருப்பதில்லை. எங்களுக்கு வேறு ஏதாவது பள்ளியில் ஹால் டியூட்டி போட்டிருப்பார்கள். அதனால் கிளம்பும்முன் இரண்டு விஷயம் சொல்லி முடிக்கிறேன். ராத்திரி பத்து மணிக்குப் புத்தகத்தை மூடிவிட வேண்டும். 1.15-க்கு வெளியே வந்ததும் கேட்டுக்கு முன்னால் நின்று ஒன் மார்க் விடையைச் சரிபார்க்கக் கூடாது. தவறு என்று தெரிந்தாலும் அதைத் திருத்த வழியில்லை, அடுத்த பரீட்சைக்குப் படிக்கிற மனசைத்தான் அது கெடுக்கும். வீட்டுக்குப் போனதும் எனக்கு போன் செய்ய விரும்புகிறவர்கள் செய்யலாம் என்பேன். "ஆனா நான் பேப்பர் எப்படி இருந்துச்சுன்னு கேக்க மாட்டேன். சாப்பிட்டியான்னுதான் கேப்பேன்."

போன வருடம் கணக்குத் தேர்வன்று இரண்டு மணிக்கு முதல் போன் வந்தது. உள்ளங்கையில் கூட்டல் எழுதிய அந்தப் பையன்தான். நான் கேட்பதற்குள் அவனே முந்திக்கொண்டான். "சாப்பிட்டேன் டீச்சர். சாம்பார் சாதம். கிராஃப் போட்டுட்டேன்."